96 பேர் தேர்வு என்று போடலாமா?

"நான் டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையம் நடத்துகிறேன். இந்த ஆண்டு வகுப்பில் 160 பேர். நாளிதழ் விளம்பரத்துக்கு என் மகன் எழுதிய வாசகம்: 'எட்டே மாதப் பயிற்சி! 96 பேர் அரசுப் பணிக்குத் தேர்வு! 10 பேரில் 6 பேர் வெற்றி! சில இடங்களே உள்ளன!' 96 பேரின் பட்டியலையும் சேர்க்கைப் பதிவேட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். சட்டச் சிக்கல் வருமா, ஐயா?"

வரும். பட்டியலைப் பதிவேட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்ததில் அது தெளிவாகவே தெரிகிறது.

முதலில் 96. இதில் ஐந்து பெயர்கள் இரண்டு முறை வருகின்றன. குரூப் 4, குரூப் 2ஏ இரண்டிலும் தேறியவர்களை இரண்டு ஆட்களாக எண்ணிவிட்டீர்கள். ஆக 91 பேர். அவர்களில் 12 பேர் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே. காலியிடங்களைவிட அதிகமானவர்களைத்தான் தேர்வாணையம் அதற்கு அழைக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அழைப்பு வேறு, தேர்வு வேறு. அவர்களைக் கழித்தால் 79.

இந்த 79 பேரிலும் 47 பேர் உங்கள் வகுப்பறையில் உட்கார்ந்ததே இல்லை. தேர்வுத் தொடருக்கு மட்டும் பணம் கட்டி, மாதிரித் தேர்வு எழுதிவிட்டுப் போனவர்கள். மிச்சம் 32 பேர்தான் முழு வகுப்பு மாணவர்கள். அவர்களிலும் 12 பேர் முந்தைய ஆண்டுகளில் சேர்ந்து, இரண்டாம் மூன்றாம் முயற்சியில் தேறியவர்கள். இந்த ஆண்டின் 160 பேரில் தேறியவர்கள் 20 பேர், அதாவது எட்டுப் பேரில் ஒருவர். உங்கள் விளம்பரமோ 10 பேரில் 6 பேர் என்கிறது. மேலே எல்லாரையும் கூட்டிவிட்டுக் கீழே ஒரு வகுப்பை மட்டும் வைத்து வகுத்ததால் வந்த வினை இது. தேர்வுத் தொடரில் தேறியவர்களைக் கணக்கில் கொண்டால், அதில் சேர்ந்த 700 பேரையும் கொள்ள வேண்டும். பாதியில் நின்றவர்களைக் கழித்துவிட்டு விகிதம் போடுவதும் கூடாது. பணம் கட்டிச் சேர்ந்த எல்லாரும் அந்த எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

'எட்டே மாதம்' என்பதும் இதே கதைதான். 96-க்கு அருகில் அதை வைத்தால், எல்லாருமே எட்டு மாதத்தில் தேறினார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(28)-இன்படி, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரமே. பொய்யான எண்ணைப் போட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சித் துறைக்கென்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. வெற்றி பெற்றவரின் படத்தைப் போட்டால் பெயர், தரவரிசை, அவர் படித்த பாடத்திட்டம், அதன் கால அளவு, கட்டணமா இலவசமா என்பது வரை சொல்ல வேண்டும். பொறுப்புத் துறப்பு வாசகத்தை எறும்பு எழுத்தில் அடியில் போடக் கூடாது. எண் என்ன அளவோ அதே அளவில் இருக்க வேண்டும். ஐஏஎஸ் பயிற்சி மையங்கள் பலவற்றுக்கு அபராதம் விழுந்த காரணமும் இதுதான்: முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளைத் தாமாகவே கடந்து, நேர்முகத் தேர்வுக்கான இலவச வழிகாட்டலுக்கு மட்டும் வந்தவர்களை முழுப் பயிற்சி பெற்றவர்கள்போல் காட்டினார்கள். பிரிவு 21-இன்படி அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

வாசகத்தை இப்படி மாற்றுங்கள்:

"2024, 2025-இல் வெளியான குரூப் 4, குரூப் 2ஏ முடிவுகளில் எங்கள் மாணவர்கள் 79 பேர் இறுதித் தேர்வு பெற்றனர். கட்டண முழு வகுப்பு (8 மாதம்): 32 பேர். இவர்களில் 12 பேர் முந்தைய ஆண்டுகளில் சேர்ந்தவர்கள். கட்டணத் தேர்வுத் தொடர் மட்டும்: 47 பேர்."

விகிதம் வேண்டவே வேண்டுமென்றால் "இந்த ஆண்டு முழு வகுப்பில் சேர்ந்த 160 பேரில் 20 பேர்" என்று இரண்டு எண்களையும் சேர்த்தே போடுங்கள். எட்டில் ஒருவர் என்பது இந்தப் போட்டியில் கூச்சப்பட வேண்டிய எண் அல்ல என்பது என் எண்ணம்.

படம் போடுகிறவர்களிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கியிருக்கிறீர்களா? சேர்க்கைப் படிவத்தில் வாங்கிய கையெழுத்து செல்லாது. முடிவு வந்த பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். அந்தத் தாளோடு கட்டண ரசீது, தேர்வுப் பதிவெண் ஆகியவற்றையும் ஆளுக்கொரு உறையில் வையுங்கள். ஆணையம் கேட்டால் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்.

கடைசி வரி 'சில இடங்களே உள்ளன'. பதிவேட்டின்படி அடுத்த வகுப்புக்கு இன்னும் ஒருவரும் சேரவில்லை. இல்லாத அவசரத்தைக் காட்டுவதையும் அதே வழிகாட்டுதல் தடுக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.