தீப்பெட்டியில் தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,
எங்கள் பகுதி மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குச் சேமிப்பு, கடன் பட்டை வரைபடங்களைப் படிக்கச் சொல்லித்தர இரண்டு மணி நேரப் பயிற்சி ஒன்றைத் திட்டமிட்டிருக்கிறேன். முதல் அரை மணி நேரம் கிடை அச்சு, செங்குத்து அச்சு, அளவுத்திட்டம் பற்றிய விளக்கம். பிறகு புரொஜெக்டரில் பத்து வரைபடங்கள். கடைசியில் கேள்வி பதில். பலர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். இந்தத் திட்டம் சரிவருமா?
— ஒரு குழு ஊக்குநர்

அன்புள்ள சகோதரி,

அந்த முதல் அரை மணி நேரத்தை எடுத்துவிடுங்கள். பத்து வரைபடமும் வேண்டாம், மூன்று போதும். புரொஜெக்டருக்குப் பதில் நாற்பத்தெட்டு காலித் தீப்பெட்டிகளும் சில சார்ட் பேப்பர்களும் கொண்டுபோங்கள்.

பன்னிரண்டு பேர் உள்ள குழு, ஆளுக்கு மாதம் 200 ரூபாய் சேமிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெட்டி என்பது ஒருவருடைய 200 ரூபாய். ஜனவரிக்கும் பிப்ரவரிக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பெட்டிகளைத் தரையில் வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். மார்ச்சில் மூன்று பேர் கட்டவில்லை, ஒன்பது பெட்டிதான். ஏப்ரலில் அவர்கள் பாக்கியையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள், பதினைந்து. வரிசைகளைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் பெட்டிகளை எடுத்துவிட்டால் தரையில் மிஞ்சுவது பட்டை வரைபடம். அப்புறம் அதையே பெட்டிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று சார்ட்டில் வரையச் சொல்லுங்கள். அளவுத்திட்டம் என்ற சொல்லை இந்த இடத்தில் சொன்னால் போதும்.

இனிதான் முக்கியமான வேலை. அதே நான்கு மாதக் கணக்கை இன்னொரு சார்ட்டில் மொத்தச் சேமிப்பாக வரையுங்கள்: 2,400, 4,800, 6,600, 9,600. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, “எந்த மாதம் பணம் குறைந்தது?” என்று கேளுங்கள். முதல் சார்ட்டில் மார்ச் பட்டை குட்டையாக நிற்பது உடனே தெரியும். இரண்டாவதில் பட்டைகள் ஏறிக்கொண்டே போகும், குறை எங்கேயும் கண்ணில் படாது. பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் உள்ள படி மட்டும் கொஞ்சம் சின்னதாக இருக்கும். அந்தப் படியை விரலால் அளந்து பார்க்க வையுங்கள். குழுவில் காட்டப்படுவது பெரும்பாலும் இந்த மொத்தக் கணக்குப் படம்தான். அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் “இது மாதக் கணக்கா, மொத்தக் கணக்கா?” என்று கேட்கும் பழக்கம் வந்துவிட வேண்டும். இதற்கு நாற்பது நிமிடம் கொடுங்கள்.

கடன் படத்தில் இன்னொரு சிக்கல். சேமிப்புப் பட்டை உயர்ந்தால் நல்லது என்று கண் பழகியிருக்கும். ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா கடன் நிலுவைப் பட்டையில் விரலை வைத்து, “உசந்திருக்கே, நல்லதுதானே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அந்த உயரம், இன்னும் கட்ட வேண்டிய அசல். 10,000 ரூபாய் உள்கடன் வாங்கி மாதம் 1,000 அசல் கட்டுபவரின் பட்டை 10,000, 9,000, 8,000 என்று இறங்கும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று மாதம் 100 ரூபாய் வட்டியை மட்டும் கட்டுபவரின் பட்டை அசையாமல் நிற்கும். ஒன்றுமே கட்டாதவருடைய பட்டையும் அதே உயரத்தில்தான் நிற்கும். இந்த இருவரையும் படம் பிரித்துக் காட்டாது, கடன் பேரேட்டைத்தான் திறக்க வேண்டும். படம் எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லித்தாருங்கள்.

ஒரு வேண்டுகோள். இந்தப் பகுதிக்கு உண்மையான உறுப்பினர் யாருடைய கடனையும் சுவரில் ஒட்டாதீர்கள். பல குழுக்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒருவருடைய நிலுவை தெரிந்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். கற்பனைக் கணக்கே போதும்.

மூன்றாவது படம், இரண்டு குழுக்களின் சேமிப்பு: ஒன்று 30,000, மற்றது 33,000. ஆயிரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று பட்டைகளை வரைந்துகொள்ளுங்கள். பார்த்தால் கிட்டத்தட்ட ஒரே உயரம்தான். இப்போது சார்ட்டின் அடிப்பகுதியை 27 சென்டிமீட்டர் வரை பின்பக்கமாக மடித்துவிடுங்கள். மிஞ்சுவது மூன்று சென்டிமீட்டரும் ஆறு சென்டிமீட்டரும். ஒரு குழு இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு சேமித்தது போலத் தெரியும். கணினியில் போடும் படங்களில் அடிக்கோடு பூஜ்யத்தில் தொடங்காதபோது நடப்பது இதுதான். மடிப்பைப் பிரித்தும் மடித்தும் அவர்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும்.

கேள்வி பதிலுக்குப் பதிலாகக் கடைசி இருபது நிமிடத்தில் ஒரு சின்னச் சோதனை வையுங்கள். இருவர் இருவராக உட்கார வைத்து, ஆறு மாதச் சேமிப்புக் கணக்கு எழுதிய தாளையும் அதற்கான வரைபடத்தையும் கொடுங்கள். ஆறில் ஒரு பட்டையை மட்டும் வேண்டுமென்றே தப்பாக வரைந்துவையுங்கள். எது தப்பு, எத்தனை ரூபாய் வித்தியாசம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். பட்டையைக் காட்டிவிட்டு ரூபாயைச் சொல்ல முடியாத ஜோடி இருந்தால், அவர்களோடு திரும்பத் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டிகளை அடுக்குங்கள்.