டைக்ளோபெனாக்கும் இரைப்பையின் கொழகொழப்பும்

கேள்வி: இறைச்சியையே கரைக்கிற அமிலம் வயித்துக்குள்ள இருக்கெண்டா வயிறு ஏன் கரையுதில்ல? அப்பா வயல் வேலைக்குப் போய் வந்து முதுகு நோவுக்கு டைக்ளோபெனாக் போடுறார். சாப்பிட்டுட்டுப் போட்டா புண் வராதுதானே?

பதில்: முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. சாப்பாடு எரிச்சலைக் குறைக்கலாம், ஆனால் டைக்ளோபெனாக் செய்கிற பெரிய கெடுதி இரத்தத்தின் வழியாக நடப்பது. அது விளங்க, உங்கள் முதல் கேள்விக்குப் போக வேண்டும்.

இரைப்பைச் சுவர் கரையாத பொருளால் ஆனதல்ல. பாபத் கறி சாப்பிடுகிறோமே, அது மாட்டின் இரைப்பைதான். நமக்குள் நன்றாகவே சமிக்கிறது. உயிர் போன பின் மனித இரைப்பையும் தன்னைத்தானே கரைக்கத் தொடங்கிவிடும். ஆக, காவல் அந்தச் சதையில் இல்லை. இரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்வரை நிமிடத்துக்கு நிமிடம் புதிதாகச் செய்யப்படுகிற காவல் அது.

அமிலம் எதற்கு? புரதம் நூலுருண்டை போலச் சுருண்டிருக்கும். அமிலம் அதை அவிழ்த்துவிடுகிறது, பிறகு பெப்சின் என்ற நொதியம் அதை வெட்டுகிறது. இந்தப் பெப்சினும் செயலற்ற வடிவத்தில்தான் கலத்தைவிட்டு வெளியே வரும். அமிலம் பட்ட பிறகே அதற்குப் பல் முளைக்கிறது. சாப்பாட்டோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதி செத்துப்போவதும் இந்த அமிலத்தால்தான். எண் குறையக் குறைய அமிலம் கடுமை என்று காட்டும் பிஎச் அளவில், வெறுவயிற்றில் இது 1க்கும் 2க்கும் இடையில் நிற்கும்.

அமிலம் சுரக்கும் கலத்துக்குள் அமிலம் தேங்குவதில்லை. கலச்சுவரிலுள்ள பம்பு ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகிறது, குளோரைட்டு வேறு வழியாகப் போகிறது. இரண்டும் வெளியில்தான் சேருகின்றன. அயனொன்று வெளியேறும் ஒவ்வொரு தடவையும் கலத்தின் மறுபக்கத்தால் பைகாபனேற்று ஒன்று இரத்தத்துக்குள் இறங்குகிறது. அப்பச்சோடாவில் இருக்கும் அதே காரம்தான். அந்த இரத்தம் மேலே ஏறி, உட்சுவரின் மேற்பரப்புக் கலங்களைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. அமிலம் கூடச் சுரந்தால் அதை முறிக்கும் காரமும் கூடவே வந்து சேர்கிறது. எனக்கு இந்த உறுப்பில் பிடித்த ஏற்பாடு இதுதான்.

மேற்பரப்புக் கலங்கள் அந்தக் காரத்தைச் சீதத்துக்குள் விடுகின்றன. வெண்டிக்காயை நறுக்கும்போது விரலில் ஒட்டுமே, அந்த மாதிரி ஒரு கொழகொழப்பு. தடிப்பு ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. சீதம் மட்டும் அமிலத்தை மறித்துவிடாது. உள்ளே வரும் அமிலத்தையும் எதிரே வரும் காரத்தையும் கலக்கவிடாமல் மெதுவாகச் சந்திக்க வைப்பதுதான் அதன் வேலை. அதனால் மேலே பிஎச் 2 இருக்கும்போதே அடியில், கலத்தை ஒட்டி, 7க்குக் கிட்ட நிற்கிறது. அமிலச் செறிவில் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு வித்தியாசம். பெப்சின் அந்த அடிக்கு வந்தாலும் வெட்டத் திராணியிருக்காது. அப்படியும் தேய்கிற கலங்களுக்குப் பதில் சில நாட்களுக்குள் புதிய கலங்கள் வந்துவிடுகின்றன.

சீதத்தைச் சுரக்கவும், காரத்தை விடவும், இரத்த ஓட்டத்தைக் குறையாமல் வைக்கவும் உத்தரவு கொடுப்பது புரொஸ்டாகிளான்டின் என்ற பொருள். நோவையும் வீக்கத்தையும் கூட்டுவதும் அதே குடும்பம்தான். டைக்ளோபெனாக், இபுபுரூபன், அஸ்பிரின் எல்லாம் அதன் உற்பத்தியை உடம்பு முழுக்கக் குறைக்கின்றன. முதுகு நோவு குறைகிறது; இரைப்பையில் சீதம் மெலிகிறது, காரம் குறைகிறது. குளிசைக்குப் பதில் ஊசியாகப் போட்டாலும் புண் வரக்கூடும் என்பது இதனால்தான். ஹெலிகோபாக்டர் என்ற கிருமி ஏற்கனவே இரைப்பையில் இருந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

வெட்டுக்காலத்தில் நடப்பதைப் பாருங்கள். காலையில் பிளேன்டீயோடு 50 மி.கி. ஒன்று, பின்னேரம் இன்னொன்று, இரண்டு கிழமை தொடர்ச்சியாக. வயது 60 தாண்டியவர், இதயத்துக்கு 75 மி.கி. அஸ்பிரினும் போடுகிறவர் என்றால் காவல் இரண்டு பக்கத்தாலும் அறுபடுகிறது. நோவைக் கொல்லும் மருந்து புண்ணின் நோவையும் மறைத்துவிடலாம், ஆகவே 'வயித்துக்குள்ள ஒண்டுமில்ல' என்பதை நம்ப முடியாது.

உங்கள் அப்பாவுக்கு முதலில் பரசிற்றமோல் போதுமா என்று பாருங்கள். அது இரைப்பையின் புரொஸ்டாகிளான்டினை அவ்வளவாகத் தொடுவதில்லை. டைக்ளோபெனாக் இல்லாமல் முடியாதென்றால் குறைந்த அளவு, குறைந்த நாட்கள். கூடவே அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிபிரசோல் வேண்டுமா என்று டொக்டரிடம் கேளுங்கள். தந்தால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போட வேண்டும், ஏனென்றால் சாப்பாட்டுக்காக வேலைசெய்யத் தொடங்கும் பம்புகளைத்தான் அது பூட்டுகிறது. அஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மலம் தார் போலக் கறுத்து, ஒட்டும் பதத்தில், கடும் நாற்றத்தோடு போனால் அது சமித்த இரத்தம். இரும்புச்சத்துக் குளிசையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் அந்த ஒட்டலும் நாற்றமும் பொதுவாக இராது. கறுப்பு மலத்தோடு தலைச்சுற்றோ, கோப்பித் தூள் போன்ற வாந்தியோ வந்தால் விடியும்வரை காத்திராமல் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.