நண்பர்கள் இருந்தால் மட்டும் வேகம் ஏன்?

"பையனுக்கு 18 வயசு. என்னோட வந்தா நிதானமா கார் ஓட்டுறான். நண்பர்கள் ஏறினா மஞ்சள் விளக்குல பாய்றானாம். என்கிட்ட நடிக்கிறானா?"

நடிப்பு இல்லை. 2011இல் அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய இதையேதான் சோதித்தார்கள். திரையில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கில் நின்றால் கொஞ்ச நேரம் போகும், பாய்ந்து மோதினால் அதைவிட அதிக நேரம் போகும். தனியாக ஓட்டியபோது பதின்வயதினர் பெரியவர்களைப் போலத்தான் ஓட்டினார்கள். நண்பர்கள் பக்கத்து அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அதிகம் பாய்ந்தார்கள், அதிகம் மோதினார்கள். பெரியவர்களிடம் இந்த மாற்றம் இல்லை.

கூடவே மூளையையும் ஸ்கேன் செய்தார்கள். நண்பர்கள் பார்க்கும்போது பதின்வயதினருக்கு, பரிசு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில் தூண்டப்படும் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. 40 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் நண்பர்கள் ஒரு வார்த்தை உசுப்பேற்றாமலே இப்படி நடந்தது என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

அதனால் "ஆபத்து தெரியாதா?" என்று கேட்டுப் பயனில்லை. அவனுக்குத் தெரியும், அந்த நேரத்தில் பாய்வதன் ருசி கூடிவிடுகிறது, அவ்வளவுதான். சூழலை மாற்றுங்கள். அமெரிக்காவின் பல மாநிலங்களில் புதிதாக உரிமம் வாங்கிய பதின்வயதினர் இளவயதுப் பயணிகளை ஏற்றக் கட்டுப்பாடு உண்டு. நீங்களும் முதல் ஒரு வருடம் நண்பர்களை ஏற்றக் கூடாது என்று வையுங்கள். போயே ஆகவேண்டும் என்றால், இருபத்தைந்து தாண்டிய அண்ணன் முறை ஒருவர் கூடப் போகட்டும்.