வயிறு உப்பியிருக்கிறது, உடல் வறண்டிருக்கிறது

கேள்வி: தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். குழந்தைக்காக ஊசி போட்டு, நாலு நாள் முன்பு மதுரையில் முட்டை எடுத்தார்கள். இப்போது வயிறு உப்பி, பாவாடை நாடா கட்ட முடியவில்லை. இரண்டு நாளில் 3 கிலோ கூடிவிட்டது. சிறுநீரும் சரியாகப் போகவில்லை. ஆச்சி வாய்வு என்று ஓமத் தண்ணீர் தருகிறார்கள். நீர் பிரியும் மாத்திரை வாங்கலாமா? டாக்டர் அடுத்த வாரம்தான் வரச் சொன்னார்.

பதில்: மாத்திரை வேண்டாம். அடுத்த வாரம் வரை காத்திருக்கவும் வேண்டாம். சிகிச்சை தந்த மையத்துக்கு இப்போதே போன் செய்து, எடை கூடியதையும் சிறுநீர் குறைந்ததையும் முதலில் சொல்லுங்கள். இன்றே உங்களைப் பரிசோதித்தாக வேண்டும்.

இது ஓவேரியன் ஹைப்பர்ஸ்டிமுலேஷனாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊசிக்குச் சினைப்பை அளவுக்கு மீறி வேலை செய்துவிடும் நிலை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையான பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கும் வயது குறைந்தவர்களுக்கும் கூடுதலாக வரும். முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு போடும் கடைசி ஊசி பெரும்பாலும் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன்தான். அதற்குப் பிறகு, வீங்கிய சினைப்பை சுரக்கும் பொருட்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கின்றன. ரத்தத்திலிருக்கும் நீர் வயிற்றுக்குள் இறங்கிவிடுகிறது. தராசில் கூடிய 3 கிலோ அந்த நீர்தான், ஆச்சி சொல்லும் வாய்வு அல்ல. வாய்வுக்கு இப்படி எடை ஏறாது.

வயிற்றில் இவ்வளவு நீர் நிற்கும்போது ரத்தக்குழாயில் நீர் குறைவு. ரத்தம் கெட்டியாகிறது, சிறுநீரகத்துக்குப் போவது குறைகிறது, அதனால்தான் சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாக வருகிறது. இந்த நேரத்தில் நீர் மாத்திரை போட்டால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் நீரும் போய்விடும். கெட்டியான ரத்தம் காலிலோ நுரையீரலிலோ உறைந்துவிடலாம். நாங்கள் அதிகம் அஞ்சுவது அதைத்தான்.

மருத்துவமனையில் ஸ்கேன் செய்து சினைப்பை அளவையும் தேங்கிய நீரையும் பார்ப்பார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹிமட்டோகிரிட், சிறுநீரகச் சோதனை, உப்பு அளவு எடுப்பார்கள். ஹிமட்டோகிரிட் 45 சதவீதத்தைத் தாண்டினால் நிலை தீவிரம் என்று பொருள். அப்போது சேர்த்துக்கொண்டு டிரிப் ஏற்றி, ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுவார்கள். மூச்சு முட்டினால் ஊசி வழியாக வயிற்று நீரை எடுப்பார்கள். லேசாக இருந்தால் வீட்டுக்கே அனுப்பி, அடிக்கடி வந்து காட்டச் சொல்வார்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோபினாக், இபுபுரூபன் வகை வேண்டாம், சிறுநீரகத்துக்கு ஆகாது. தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடியுங்கள். குனிந்து பாரம் தூக்காதீர்கள், தாம்பத்தியமும் வேண்டாம்; பெருத்த சினைப்பை முறுக்கிக்கொள்ளக்கூடும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீரென்று கடுமையான வயிற்றுவலி, மயக்கம், குடித்த தண்ணீரும் வாந்தியாவது: இவற்றில் ஒன்று வந்தாலும் மதுரை வரை போக நினைக்காமல் 108-ஐ அழைத்து அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். முட்டை எடுத்த தேதியை அங்கே மறக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெறும் வயிற்றுவலி என்று பார்த்துவிடலாம்.

கரு இன்னும் வைக்கவில்லையென்றால், இந்த மாதம் வைக்காமல் உறைய வைக்க முடியுமா என்று கேளுங்கள். கர்ப்பம் தரித்தால் உடலே ஹெச்.சி.ஜி. சுரக்கும், வீக்கம் இன்னும் ஏறி வாரக்கணக்கில் நீளும். கர்ப்பம் இல்லாவிட்டால் பெரும்பாலும் மாதவிடாய் வரும்போது தானே வற்றிவிடும்.