கார்டை மாற்றும் முன் கதவு லாக்கைப் பாருங்கள்

"திருவான்மியூரில் ஐந்து மாடி அபார்ட்மென்ட் எங்களுடையது. ஆட்டோ டோர் லிஃப்ட். மேலே போகும்போது இரண்டாவது மாடி பக்கத்தில் டக்கென்று நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானே மெதுவாக நகர்ந்து ஏதாவது ஒரு மாடியில் திறக்கிறது. ஏஎம்சி ஆள் வந்தால் ஒழுங்காக ஓடுகிறது. கன்ட்ரோலர் கார்டை மாற்றணும் என்கிறார். மாற்றிவிடலாமா?"

அவசரப்பட வேண்டாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிற்கிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கார்டை அல்ல, அந்த மாடியின் கதவு லாக்கை.

லிஃப்ட் குழியின் அடியான பிட்டில் உள்ள ஸ்டாப் சுவிட்ச், வேகம் மீறினால் விடும் கவர்னர் சுவிட்ச், மேல் கீழ் லிமிட்கள், கேபின் கதவின் கான்டாக்ட், ஒவ்வொரு மாடிக் கதவின் லாக் கான்டாக்ட், எல்லாமே சேஃப்டி சர்க்யூட்டில் சீரியல் செட் பல்பு மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஏதாவது ஒன்று கண் இமைக்கும் நேரம் விட்டால்கூட, மோட்டாருக்குக் கரன்ட் தரும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் விட்டுவிடும். மோட்டாருக்குக் கரன்ட் போகாது, பிரேக் பிடித்துவிடும். விட்ட கான்டாக்ட் உடனே சேர்ந்துகொண்டால், கன்ட்ரோலர் மெதுவேகத்தில் ஒரு மாடியைத் தேடிப் போய்க் கதவைத் திறக்கும். உங்கள் லிஃப்ட் செய்வது அதைத்தான்.

சரி, ஏன் இரண்டாவது மாடியில்? கேபின் கதவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு தகடு இருக்கும், கப்ளர் என்பார்கள். மாடிக் கதவின் லாக்கில் சின்ன ரோலர்கள் இருக்கும். நிற்கவேண்டிய மாடியில் கப்ளர் ரோலரைத் தள்ளி, கொக்கியைத் தூக்கி, இரண்டு கதவையும் சேர்த்து இழுக்கிறது. நிற்காத மாடியில் ரோலரைத் தொடாமல் கடக்க வேண்டும். இடைவெளி சில மில்லிமீட்டர்தான். ரோலர் தேய்ந்து ஆடினாலோ, லாக் போல்ட் தளர்ந்தாலோ, கேபினைத் தண்டவாளத்தில் நேராகப் பிடிக்கும் கைடு ஷூ தேய்ந்து கேபின் சாய்ந்தாலோ கப்ளர் ரோலரில் உரசும். கொக்கி லேசாகத் தூக்கும், கான்டாக்ட் விடும்.

அதனால்தான் இரண்டாவது மாடிக்காரர்களிடமிருந்து பெரும்பாலும் புகாரே வராது. அவர்கள் அங்கே இறங்கிவிடுகிறார்கள். மேலே போகிறவர்கள்தான் மாட்டுவார்கள். ஏஎம்சி ஆள் தனியாக ஏறிப் பார்த்தால் கேபின் சாயாது, லிஃப்டும் நல்ல பிள்ளையாக ஓடும். நான்கு பேர் ஒரே பக்கமாக நின்றுகொண்டு, இரண்டில் நிற்காமல் ஐந்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு வாரம் வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு கொடுத்து வையுங்கள். மேலே போனதா கீழே வந்ததா, எத்தனை பேர், மாடித் தளத்திலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது, இவ்வளவு எழுதினால் போதும். எப்போதும் தளத்துக்கு ஒன்றிரண்டு அடிக்குள் என்றால் அந்த மாடி லாக்தான். இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று நின்றால் கேபின் கதவின் கான்டாக்டையோ, கேபினோடு தொங்கி ஆடும் டிராவலிங் கேபிளையோ பார்க்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றும், காரிடார் கழுவும்போது கதவிடுக்கில் இறங்கும் தண்ணீரும் கான்டாக்டுகளைக் கறுக்கவைக்கும். அதனால் வரும் கோளாறும் இப்படி இடம் மாறலாம்.

கார்டா இல்லையா என்பதற்கு நேரான சோதனை உண்டு. அநேகமாக எல்லா கன்ட்ரோலர் போர்டிலும் சேஃப்டி, டோர் லாக் இவற்றுக்குத் தனித்தனி விளக்கு இருக்கும். லிஃப்ட் நிற்கும் கணத்தில் அந்த விளக்கு சிமிட்டினால் வெளியே ஏதோ விட்டிருக்கிறது, கார்டு அதைச் சொல்கிறது, அவ்வளவே. விளக்குகள் சிமிட்டாமல் எரிய, லிஃப்ட் நின்றால் அப்போது மோட்டாரை ஓட்டும் டிரைவையோ கார்டையோ சந்தேகப்படலாம். சில நேரம் சிமிட்டல் கண்ணில் படாது. ஃபால்ட் பதிவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கறுத்த கான்டாக்டை மெக்கானிக் மீட்டரில் பிடித்துவிடலாம். சர்க்யூட் சேர்ந்திருக்கும்போது ஒரு கான்டாக்டின் இரு முனைக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் வோல்ட் காட்ட வேண்டும். சில வோல்ட் காட்டினால் அது சரியாகச் சேரவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். மேலே உள்ள வெள்ளிப் பூச்சு போய், சீக்கிரமே மறுபடி கறுக்கும். புதுசு போடுவதுதான் சரி. கார்டு விலையோடு பார்த்தால் அது காசே இல்லை.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். "இப்போதைக்கு ஓடட்டும்" என்று லாக் கான்டாக்டை ஒயர் போட்டு ஷார்ட் செய்வது. அப்புறம் கதவு திறந்திருந்தாலும் லிஃப்ட் கிளம்பும், கேபின் இல்லாத குழிக்குள் ஆள் கால் வைப்பார். கான்டாக்ட் பட்டையை வளைத்துச் சீக்கிரம் சேரவைப்பதும் ஆபத்துதான். கொக்கி குறைந்தது 7 மி.மீ. மாட்டிய பிறகே லிஃப்ட் கிளம்ப வேண்டும் என்பது கணக்கு. வேலை முடிந்ததும் மெக்கானிக் கேபின் மேல் நின்று, இன்ஸ்பெக்‌ஷன் மோடில் ஓட்டியபடி ஒவ்வொரு மாடி லாக்கையும் கையால் லேசாகத் தூக்கிக் காட்டட்டும். எல்லா மாடியிலும் லிஃப்ட் அந்தக் கணமே நிற்க வேண்டும். ஒரு மாடியில் நிற்காமல் போனாலும், அது சரியாகும்வரை லிஃப்டை நிறுத்தி வையுங்கள்.