ஸ்டென்ட் வைத்த நடிகரைப் பற்றி ப்ரொபோசல் பாரத்தில் எழுதலாமா?

"அலசூரில் ஒரு வீடு, ராமநகரத்தில் பாறைச் சண்டை என்று பெங்களூரைச் சுற்றி 38 நாள் ஷூட்டிங் வைத்திருக்கிறேன். கேமரா எல்லாம் வாடகைக்குத்தான். ஹீரோவுக்கு அப்பாவாக நடிக்கிறவருக்குச் சர்க்கரை உண்டு, இரண்டு வருஷம் முன்னால் ஸ்டென்ட்டும் வைத்திருக்கிறார். இதையெல்லாம் படத்துக்கு எடுக்கும் இன்சூரன்ஸின் ப்ரொபோசல் பாரத்தில் எழுதினால் பாலிசியே கிடைக்காது என்கிறார் மேனேஜர். எழுதாமல் விட்டால் என்ன ஆகும்?"

எழுதுங்கள். சர்க்கரையையும் ஸ்டென்ட்டையும் எந்த வருஷம், இப்போது என்ன மாத்திரை என்பது வரைக்கும் எழுதுங்கள். பாலிசி கிடைக்காது என்று உங்கள் மேனேஜர் பயப்படுகிற அளவுக்கு நிலைமை மோசமில்லை.

இப்படி எழுதிக் கொடுத்தால் கம்பெனி வழக்கமாக அவரை டாக்டரிடம் அனுப்பி ரிப்போர்ட் கேட்கும். அப்புறம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று நடக்கும்: கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு முழுசாக ஏற்றுக்கொள்வார்கள், அல்லது இதயம் சம்பந்தப்பட்டதை மட்டும் விலக்கிவிட்டு மற்றதற்குக் கவர் தருவார்கள், அல்லது அவருக்கு விபத்துக்கு மட்டும் கவர் தருவார்கள். நடுவில் சொன்னதே கிடைத்தாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. டெங்கு, டைபாய்டு, கால் எலும்பு முறிவு எல்லாம் உள்ளே வந்துவிடும். 38 நாள் ஷெட்யூலைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இவைதான்.

மறைத்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் பார்த்த ஒரு க்ளெய்மில், நடிகர் காய்ச்சலில் படுத்து ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பணம் கேட்டுத் தயாரிப்பாளர் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில், காய்ச்சலைப் பற்றிய வரிக்கும் முன்னால், "ஏற்கெனவே உள்ள நோய்கள்" என்ற இடத்தில் எட்டு வருஷ ரத்த அழுத்தம் இருந்தது. ப்ரொபோசலில் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடித்திருந்தார்கள். காய்ச்சலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று வாதாடிப் பார்த்தோம், பலிக்கவில்லை. முக்கியமான ஒன்றை மறைத்துவிட்டதாகக் கம்பெனி எடுத்துக்கொண்டால் அந்த ஒரு நடிகரின் கவர் மட்டுமல்ல, மொத்தப் பாலிசியே ஆட்டம் காணும்.

சரி, எழுதிக் கொடுத்துப் பாலிசியும் வாங்கிவிட்டீர்கள். அவருக்கு டெங்கு வந்தால் என்ன கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவருக்கு மொத்தம் 14 நாள் வேலை, ஒன்பதாவது நாள் படுத்துவிட்டார், ஆறு நாள் வர முடியாது என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு நாள் அவர் இல்லாத காட்சிகளை எடுத்துவிட்டீர்கள். அப்படியானால் உண்மையில் நின்றுபோனது நான்கு நாள். கேமரா வாடகை, யூனிட் பேட்டா, லொகேஷன் வாடகை, ஹோட்டல் அறை என்று ஒரு நாள் சும்மா நின்றால் 3.5 லட்சம் போகிறது என்றால் நஷ்டம் 14 லட்சம். பாலிசியில் முதல் இரண்டு நாள் உங்கள் பொறுப்பு என்று போட்டிருந்தால் கைக்கு வருவது 7 லட்சம். அதிலும் ஷூட்டிங் நின்ற நாளில் போடாத சாப்பாடு, எரிக்காத ஜெனரேட்டர் டீசல் மாதிரி மிச்சமானதைக் கழித்துவிடுவார்கள். அந்த இரண்டு நாள் மாற்றி எடுத்ததில் கூடுதல் செலவு ஆகியிருந்தால் அதையும் பில்லோடு கேளுங்கள், நஷ்டத்தைக் குறைக்கத்தானே அப்படிச் செய்தீர்கள்.

இந்தக் கணக்குக்கு ஆதாரம் ஷெட்யூலும் தினசரி ரிப்போர்ட்டும்தான். ஒவ்வொரு நாளும் யார் வந்தார்கள், எந்தக் காட்சி எடுத்தார்கள் என்று ப்ரொடக்‌ஷன் மேனேஜர் எழுதிக் கையெழுத்துப் போடும் தாளைச் சொல்கிறேன். அதை நாலு நாள் கழித்து உட்கார்ந்து எழுதினால் பார்த்ததுமே தெரிந்துவிடும், எல்லாத் தாளும் ஒரே பேனாவில் ஒரே வேகத்தில் இருக்கும். நடிகர் படுத்த அன்றே கம்பெனிக்கு மெயில் போட்டுவிடுங்கள். தங்கள் டாக்டரை அனுப்பிப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. நடிகர் குணமாகி வீட்டுக்குத் திரும்பிய பிறகு சொன்னால் அந்த வாய்ப்பு போய்விடும், சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

அடுத்தது ராமநகரச் சண்டை. "சண்டைக் காட்சிகள்: 2" என்று ஒரு வரியில் முடிக்காதீர்கள். காட்சி எண், தேதி, எந்தப் பாறை, எத்தனை அடி உயரம், குதிப்பது யார், கீழே என்ன விரிக்கிறீர்கள், ரோப் உண்டா, ஆம்புலன்ஸ் நிற்கிறதா என்று ஸ்டன்ட் மாஸ்டரை உட்கார வைத்து எழுதுங்கள். "12 அடியிலிருந்து டூப் குதிக்கிறார், ஹீரோ ஓடி வந்து நிற்பது மட்டும்" என்று எழுதினால் அதற்குத்தான் கவர். படப்பிடிப்பில் ஹீரோ "நானே குதிக்கிறேன்" என்று சொல்வார், சொல்லாத ஹீரோ இல்லை. அப்போது ஷாட்டை நிறுத்திவிட்டுக் கம்பெனியிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாங்காமல் குதித்துக் கணுக்கால் பிசகினால் அந்த நாட்களின் நஷ்டம் உங்கள் தலையில்தான்.

தண்ணீர்க் காட்சி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2016 நவம்பரில் பெங்களூரை அடுத்த திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்தில், ஒரு கன்னடப் படத்துக்காக ஹெலிகாப்டரிலிருந்து குதித்த இரண்டு நடிகர்கள் மூழ்கி இறந்துபோனார்கள். அதிலிருந்து தண்ணீர்க் காட்சி என்றால் நான் கேட்கிற முதல் கேள்வி, குதிக்கிறவருக்கு நீச்சல் தெரியுமா, லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறாரா என்பதுதான்.

இங்கே பல தயாரிப்பாளர்கள் குழம்புகிற ஒன்றும் இருக்கிறது. மேலே சொன்ன நடிகர் கவர் உங்கள் நஷ்டத்துக்கு மட்டும்தான். அடிபட்ட டூப் ஆர்ட்டிஸ்டின் ஆஸ்பத்திரிச் செலவுக்கோ அவர் குடும்பத்துக்கோ அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. அதற்குக் குழு விபத்துப் பாலிசியும், தொழிலாளர் இழப்பீட்டுக்கான பாலிசியும் தனியாக எடுக்க வேண்டும். ஏஜென்ட் கொடுத்த பேக்கேஜில் அது இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

ராமநகரத்தில் ராமதேவரபெட்டா பக்கம் கழுகுகள் சரணாலயம் இருக்கிறது. பாறை எந்த எல்லையில் வருகிறது என்று பார்த்து, வனத்துறை அனுமதி வேண்டுமென்றால் அதன் நகலைப் ப்ரொபோசலோடு வையுங்கள். அனுமதி இல்லாத இடத்தில் நடந்த விபத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கும். அலசூர் வீட்டுக்கு முகவரியும் தேதியும் போதும். ஆனால் ராத்திரி சாமான்கள் எங்கே பூட்டி வைக்கப்படும், யார் காவல் என்று எழுதுங்கள். ஆள் இல்லாத வேனிலிருந்து லென்ஸ் திருடு போனால் கவர் கிடையாது என்று பல பாலிசிகளில் இருக்கும்.

சாமான் பட்டியலில் ஒரே ஒரு தவறுதான் திரும்பத் திரும்ப நடக்கிறது, பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைத்துப் போடுவது. வாடகைக்காரரின் லிஸ்ட்படி புதிதாக வாங்க 1.2 கோடி ஆகும் சாமானை 80 லட்சம் என்று எழுதினால், 9 லட்ச ரூபாய் லென்ஸ் உடையும்போது அதே விகிதத்தில் 6 லட்சம்தான் தருவார்கள். மீதி 3 லட்சத்தை வாடகைக்காரர் உங்களிடம்தான் கேட்பார். அவரிடமே சீரியல் நம்பரோடு லிஸ்ட் வாங்கி அப்படியே இணையுங்கள்.

முதல் ஷாட்டுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் பாரத்தைக் கொடுத்துவிடுங்கள், அந்த மூத்த நடிகரின் மெடிக்கல் செக்கப்புக்கே ஒரு வாரம் போய்விடும். ஏஜென்ட் நிரப்பித் தருகிறேன் என்றால் நிரப்பட்டும். கையெழுத்துப் போடும் முன் நோய் பற்றிய பக்கத்தையும் ஸ்டன்ட் பக்கத்தையும் நீங்களே வரி வரியாகப் படித்துவிட்டு, ஒரு நகலை ப்ரொடக்‌ஷன் ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.