திரையில் தெரிவது விமானத்தின் பெயரா, பயணத்தின் பெயரா? – கேள்வி பதில்

செல்வி, மடிப்பாக்கம்: என் மகன் EK543ல் துபாய் போகிறான். மொபைலில் விமானங்களைக் காட்டும் செயலியில் அந்த விமானத்தைத் தொட்டால் UAE543 என்று வருகிறது. வேறு விமானமா தம்பி?

அதே விமானம்தான் அம்மா. EK என்பது டிக்கெட்டுக்கும் விமான நிலையப் பலகைக்கும் உள்ள இரண்டெழுத்து. UAE என்பது கட்டுப்பாட்டு அறைக்கு உள்ள மூன்றெழுத்து. இண்டிகோவின் 6E அங்கே IGO ஆகிவிடும், ஸ்ரீலங்கனின் UL அங்கே ALK.

சில நாள் எண்ணே மாறி, நடுவில் எழுத்து கலந்து வரும். அப்போதும் பயப்பட வேண்டாம். 543, 545 என்று இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் ஒரே அலைவரிசையில் இருந்தால், ஒருவருக்குச் சொன்ன உயரத்தை இன்னொருவர் தனக்கென்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதைத் தவிர்க்கத்தான் ஒன்றை எழுத்து கலந்ததாக மாற்றுகிறார்கள். UAE543 போன்ற அழைப்புப் பெயரை வைத்துத் தேடிக் கிடைக்காவிட்டால் டிக்கெட்டில் உள்ள எண்ணையே போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வந்துவிடும்.

ராகவன், கோவை: VT என்றால் வைஸ்ராய்ஸ் டெரிட்டரி. விடுதலைக்குப் பிறகும் அதை நம் விமானங்களில் எழுதிவைத்திருப்பது அவமானம் இல்லையா?

பாதி சரி ஐயா. அந்த எழுத்து பிரிட்டிஷ் காலத்தில் வந்தது உண்மை. ஆனால் அது சுருக்கெழுத்து இல்லை. 1927இல் வாஷிங்டனில் நடந்த வானொலித் தந்தி மாநாட்டில் நாடுகளுக்கு அழைப்பு எழுத்துகளைப் பங்கிட்டார்கள். V வரிசையின் பெரும்பகுதி பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்குப் போனது. அதில் VTA முதல் VWZ வரை இந்தியாவுக்கு. அதிலிருந்துதான் VT வந்தது. வைஸ்ராய் விளக்கம் பின்னால் ஒட்டிக்கொண்டது. மாற்ற வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதில் உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது.

VTக்குப் பின்னால் மூன்று எழுத்து வரும். இண்டிகோ VT-I என்றும் ஏர் இந்தியா VT-A என்றும் தொடங்குவது அவர்கள் கேட்டு வாங்கும் வழக்கம்தான், சட்டம் இல்லை. அதனால் முதல் எழுத்தைப் பார்த்து நிறுவனத்தை ஊகிக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது.

மீனா, நியூ ஜெர்சி: ஜேஎஃப்கே கட்டுப்பாட்டு அறைப் பேச்சை இணையத்தில் கேட்கிறேன். "ஸ்பீட்பேர்ட்" என்று ஒரு விமானம் அடிக்கடி வருகிறது. அப்படி ஒரு நிறுவனமே இல்லையே?

அது பிரிட்டிஷ் ஏர்வேஸ். திரையில் BAW என்று இருப்பதை வாயால் சொல்லும்போது ஸ்பீட்பேர்ட் என்பார்கள். எழுத்தில் ஒரு பெயர், பேச்சில் ஒரு பெயர் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் உண்டு. பலருக்கு இரண்டும் ஒத்துப்போகும், சிலருக்குப் போகாது. நம் இண்டிகோவும் பேச்சில் "ஐஃப்ளை". தைவானின் சைனா ஏர்லைன்ஸ் "டைனஸ்டி".

பிரவீன், மதுரை: அண்ணா, மாடியில் ஆன்டெனா வைத்து, விமானங்களின் சிக்னலைப் பிடிக்க RTL-SDR என்ற சின்ன ரேடியோ ரிசீவர் போட்டிருக்கிறேன். hex, flight இரண்டும் வருகிறது. பதிவு எண் சிலவற்றுக்குக் காலியாக இருக்கிறது, ஒன்றுக்குத் தவறாகவே வந்தது. என் ரிசீவரில் கோளாறா?

ரிசீவரில் கோளாறு இல்லை தம்பி. வாலருகே பெரிதாக எழுதியிருக்கும் பதிவு எண்ணை விமானம் தனியாக ஒலிபரப்புவதே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் தெளிவாகிவிடும். விமானத்திலிருந்து வருவது இரண்டு அடையாளங்கள்: ஆறு இலக்க hex, அப்புறம் அழைப்புப் பெயர். பதிவு எண்ணை உன் மென்பொருள் ஒரு பட்டியலில் தேடி hexக்குப் பக்கத்தில் ஒட்டுகிறது. பட்டியல் பழசாக இருந்தால் காலி, அல்லது தவறு. விமானம் வேறு நாட்டுக்குப் போய்ப் புதிதாகப் பதிவானால் hexஉம் மாறும். புதிய hex உன் பட்டியலில் இன்னும் ஏறியிருக்காது.

hex, விமானத்தின் அடையாளத்தை ஒலிபரப்பும் கருவியான ட்ரான்ஸ்பாண்டரில் ஏற்றி வைக்கப்பட்டது, பறக்கும்போது மாறாது. அதன் தொடக்கமே நாட்டைச் சொல்லிவிடும். 800000 முதல் 83FFFF வரை இந்தியா. 896இல் தொடங்கினால் ஐக்கிய அரபு அமீரகம். பட்டியல் காட்டும் எண் VT-யில் தொடங்கி, hex 896இல் தொடங்கினால் பட்டியலை நம்பாதே.

அழைப்புப் பெயர் அப்படி இல்லை. ஒவ்வொரு பயணத்துக்கும் விமானிதான் தட்டுகிறார். என் பதிவில் ஒரு நாள் சென்னையிலிருந்து கிளம்பிய விமானம் அரைமணி நேரம் காலையில் வந்த பயணத்தின் எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. மாற்ற மறந்திருப்பார்கள். hex அதேதான், அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

இன்னொன்று பார். 2024 நவம்பர் 12இல் விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது. விஸ்தாராவின் VTI என்ற அழைப்பு அன்றோடு போய் ஏர் இந்தியாவின் AIC வந்தது. விமானங்களின் VT-T என்று தொடங்கும் பதிவு எண்கள் அப்படியே நின்றன. பயணத்தின் பெயர் மாறியது, விமானத்தின் பெயர் மாறவில்லை.

கார்த்திக், சேலம்: hexஐ வைத்தே பதிவு எண்ணைக் கணக்குப் போட்டுவிடலாம் என்கிறான் நண்பன். நான் VT விமானங்களுக்கு முயன்று தோற்றுவிட்டேன்.

நண்பர் சொல்வது அமெரிக்க N எண்களுக்குச் சரி. அங்கே N1 முதல் N99999 வரை ஒரே வரிசையில் hex ஒதுக்கியிருக்கிறார்கள்:

```
A00001 = N1
A18D50 = N2
ADF7C7 = N99999
```

முதல் இலக்கம் ஒவ்வொன்றுக்கும் 101711 இடங்கள். A18FA9ஐ எடுத்துக்கொள்வோம். A00001ஐக் கழித்து, சாதாரணப் பதின்ம எண்ணாக மாற்றினால் 102312 வரும். அதை 101711ஆல் வகுத்தால் ஈவு 1, மீதி 601. ஈவு 0 என்றால் N1, 1 என்றால் N2. ஆக முதல் இலக்கம் 2. N2க்குக் கீழே முதல் 601 இடங்கள் N2, N2A, N2AA என்று எழுத்து ஒட்டியவற்றுக்குப் போய்விடும் (I, O கிடையாது, அதனால் 24 எழுத்துகள்: 1 + 24 + 576). மீதி சரியாக 601, எனவே அடுத்த இடமான N20தான் விடை.

இந்தியாவில் இந்த மாதிரிக் கணக்கு பலிக்காது. இங்கே பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

அப்துல், சென்னை: TC என்று தொடங்கும் துருக்கி விமானம், அழைப்புப் பெயர் மட்டும் IGO. பட்டியல் தவறா?

இந்தத் தடவை பட்டியல் சரி. 2023இல் இண்டிகோ டர்கிஷ் ஏர்லைன்ஸின் போயிங் 777 விமானங்களை விமானிகளோடு வாடகைக்கு எடுத்து இஸ்தான்புல்லுக்கு ஓட்டத் தொடங்கியது. விமானம் துருக்கியில் பதிவானது, பயணம் இண்டிகோவுடையது. hexஉம் துருக்கியின் 4B8000 முதல் 4BFFFF வரையான வரிசையில் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிரவீன், மதுரை: இன்னொன்று அண்ணா. போன வாரம் ஒரே hex ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒன்று திண்டுக்கல் மேலே, இன்னொன்று கடல் மேலே.

ட்ரான்ஸ்பாண்டரை மாற்றும்போது பழைய விமானத்தின் hexஐ அழிக்காமல் விட்டிருந்தால் இப்படி நடக்கும். ஜிபிஎஸ் தவறாகி ஒரே விமானம் இரண்டு இடத்தில் காட்டியும் இருக்கலாம். படத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்த ஐந்து நிமிட லாக் இருந்தால் அனுப்பு. இரண்டு இடத்திலும் அழைப்புப் பெயரும் உயரமும் ஒன்றாக இருந்ததா, வேறாக இருந்ததா என்று முதலில் பார்ப்போம்.